தீர்த்த கடனுக்கு விழுந்த வட்டி



கடனைக் கட்டி முடித்தாயிற்று என்று சேமிப்புப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அடுத்த மாதமும் ஒருமுறை வங்கியில் கொடுத்துப் பதிந்து பாருங்கள். புங்குடுதீவில் கோழி வளர்ப்புக்கென ஒரு லட்சம் ரூபா கடன் எடுத்த சகோதரி ஒருவர் அப்படிப் பார்த்தபோதுதான், 1,228 ரூபா கழிபட்டிருப்பதைக் கண்டார். அதில் 1,000 ரூபா நடைமுறைக் கட்டணம், 228 ரூபா வட்டி.

நடைமுறைக் கட்டணம் கடன் தரும்போதே எடுக்கப்பட்டுவிட்டது. அவர் கையில் அன்று கிடைத்தது 99,000 ரூபாதான். ஆகவே இது இரண்டாந்தரம் எடுத்த காசு.

வட்டிக் கணக்கைப் பாருங்கள். மே 31இல் முதல் மீதி 36,500 ரூபா. ஆண்டுக்கு 12 வீதப்படி ஒரு நாள் வட்டி 12 ரூபா. யூன் 11இல் முழுவதையும் கட்டியபோது 11 நாளுக்குரிய 132 ரூபாவையும் சேர்த்தே கட்டினார். அந்த மாதத்தின் மிகுதி 19 நாளுக்குத்தான் 228 ரூபா எழுதியிருக்கிறார்கள். முதலே இல்லாத கடனுக்கு வட்டி ஏது?

பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் வாயால் சொன்னால் "பார்க்கிறோம் அம்மா" என்ற பதிலே கிடைக்கும். எனவே இப்படி எழுதிக் கொடுத்தோம்:

"முகாமையாளர் அவர்கட்கு,
எனது கடன் இலக்கம் ........ . இக்கடனை யூன் 11ஆம் திகதி 36,632 ரூபா செலுத்தி முழுமையாகத் தீர்த்தேன். அதன்பின் யூன் 30ஆம் திகதி எனது சேமிப்புக் கணக்கில் நடைமுறைக் கட்டணமாக 1,000 ரூபாவும் வட்டியாக 228 ரூபாவும் கழிக்கப்பட்டுள்ளன. கட்டணம் கடன் வழங்கும்போதே அறவிடப்பட்டது. வட்டி கடன் தீர்ந்த பின்னைய நாட்களுக்குரியது. இவ்விரு பதிவுகளையும் அதே திகதியிட்டு நீக்கி, 1,228 ரூபாவை மீள வரவு வைத்து, கடன் மீதி எதுவும் இல்லை என்பதற்குக் கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டு, புத்தகப் பக்கம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன்."

காசைத் திருப்பிக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. கடன் கணக்கு மூடப்படாமல் கிடந்தால் அதில் மாதாமாதம் ஏதாவது ஏறி, நிலுவை என்று கொடுகடன் தகவல் பணியகத்துக்குப் போகலாம். பிணை நின்ற அயலவரும் சங்கடப்படுவார். மீதியில்லாக் கடிதத்தைக் கேட்பது அதற்காகத்தான்.

எழுதுமுன் கடன் உடன்படிக்கையையும் வாசியுங்கள். முன்கூட்டியே தீர்ப்பதற்கு ஒரு கட்டணம் என்று அதில் இருந்தால், அது வேறு விடயம். அதைப் பிழை என்று வாதாட முடியாது.

கடிதத்தின் பிரதியில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு நிதியியல் ஒம்புட்ஸ்மனுக்கு முறையிடலாம், இதற்குக் கட்டணமில்லை. முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேட்பது. இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்திலும் முறையிடலாம்.