கண்டெடுத்த பேர்ஸைப் படம் பிடித்துப் போடாதீர்கள்

"பஸ் ஸ்டாண்டில் பேர்ஸ் ஒன்று கிடைத்தது. கறுப்புத் தோல், உள்ளே 14,500 ரூபாய். உரியவர் அழைக்கவும்." கூடவே போட்டோவும்.

மாலைக்குள் மூன்று பேர் "என்னுடையது" என்று வந்தார்கள். மூவரும் நிறத்தையும் தொகையையும் சரியாகச் சொன்னார்கள். ஏன் சொல்லமாட்டார்கள்? எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே!

கண்டெடுத்த பொருளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அறிந்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அடையாளம் எடுத்தவருக்குத்தான் தெரிய வேண்டும், ஊருக்கல்ல. கேட்டு வருபவருக்கு அதுதான் கேள்வித்தாள். நாமோ விடையையும் சேர்த்தே வெளியிடுகிறோம்.

"இன்ன இடத்தில் பேர்ஸ் ஒன்று கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெறலாம்." இவ்வளவு போதும். நிறம், தொகை, உள்ளே இருந்த துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். பதிவையும் ஒரு நாளோடு மறந்துவிடாமல் திரும்பத் திரும்பப் போடுங்கள்.

இன்னும் சிலர் அன்றே பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு, "ஸதகா செய்துவிட்டேன்" என்கிறார்கள். யாருடைய காசை? ஒரு வருடம் அறிவித்த பிறகு செலவழித்திருந்தாலும், உரியவர் வந்து நின்றால் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது உண்டியலைக் காட்டித் தப்ப முடியாது.