நடக்கும் பொம்மைக்கு 16 படமா, 32 படமா?

கம்ப்யூட்டரில் கையால் ஒவ்வொரு படமாக வரைந்து கார்ட்டூன் தயாரிக்க விரும்புபவர்கள் முதலில் முயற்சி செய்வது, ஓர் உருவத்தை நடக்க வைப்பதைத்தான். இரண்டு எட்டுகளுக்கான படங்களை வரைந்துவிட்டால், அவற்றையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அந்த உருவத்தை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்க வைக்கலாம். இதனை வாக் சைக்கிள் என அழைக்கின்றனர். இதற்கு எத்தனை படங்கள் வரைய வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தவறான முடிவெடுத்து, பல நாள் உழைப்பை வீணாக்குகின்றனர்.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு புதிய படம் வரைந்தால் அதற்கு 'ஒன்ஸ்' என்று பெயர். ஒரே படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்திவைத்து, விநாடிக்கு 12 படங்கள் மட்டும் வரைந்தால் அது 'டூஸ்'. படங்கள் அதிகமானால் நடை அழகாகும் என்று பலர் எண்ணி, முதல் நாளே ஒன்ஸில் இறங்கிவிடுகின்றனர். நடையை எப்போதும் டூஸில்தான் தொடங்க வேண்டும், தரை நம்மைக் கட்டாயப்படுத்தும்போது மட்டுமே ஒன்ஸுக்குச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. தரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

எங்கள் எதிர் வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவர் ஒருவர் இருக்கிறார். Pencil2D என்ற இலவச புரோகிராமில், புத்தகப் பையுடன் நடக்கும் ஒரு பையனை வரைந்திருந்தார். மொத்தம் 32 படங்கள். ஒரு படத்திற்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆகியிருக்கும். ஓடவிட்டுப் பார்த்தால், பையன் குளிர்காய்ச்சல் வந்தவன்போல நடுங்கிக்கொண்டே நடந்தான். "இன்னும் படம் சேர்க்கணுமா அங்கிள்?" என்று கேட்டார். "வேண்டாம் தம்பி, பாதியை எடுத்துடலாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வேறொரு பெயரில் பைலின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, இரட்டைப்படை எண் கொண்ட பிரேம்களில் இருந்த படங்களை எல்லாம் நீக்கினோம். மீதமிருந்த 16 படங்களும் ஆளுக்கு இரண்டு பிரேம்கள் நின்றன. நடுக்கம் பெருமளவு குறைந்துவிட்டது.

இதற்குக் காரணம் எளிமையானது. அவர் வரைந்த நடையில், ஊன்றிய கால் ஒவ்வொரு பிரேமிலும் 10 பிக்சல் பின்னால் செல்ல வேண்டும். கையால் வரையும்போது மூன்று பிக்சல் முன்பின் ஆவது இயல்பு. 10 பிக்சல் நகர்வில் மூன்று பிக்சல் பிழை என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். டூஸில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைவெளி 20 பிக்சல். அதில் அதே மூன்று பிக்சல் பிழை அவ்வளவாக உறுத்துவதில்லை. மேலும், கோடுகளின் சிறு வேறுபாடு விநாடிக்கு 24 முறை துடிப்பதற்குப் பதிலாக 12 முறைதான் துடிக்கிறது. ஒன்ஸ் என்பது உறுதியான கை உள்ளவர்களுக்கே பலன் தரும்.

இப்படிப் பாதியை நீக்கியும் நடை கெடாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம், அவர் ஓர் எட்டுக்கு 16 பிரேம்கள் ஒதுக்கியிருந்ததுதான். ஓர் எட்டில் நான்கு முக்கிய நிலைகள் உள்ளன. முன்காலின் குதிகால் தரையைத் தொடுவது கான்டாக்ட். உடல் எடை அந்தக் காலில் இறங்கி, முழங்கால் மடிந்து, உடல் தாழ்வது டவுன். பின்கால் ஊன்றிய காலைக் கடந்து செல்வது பாசிங். ஊன்றிய கால் விரல்களால் உந்தி உடலை உயர்த்துவது அப். 16 பிரேம் எட்டில் இவை 1, 5, 9, 13 ஆகிய பிரேம்களில் வரும். 17ல் மறுகாலின் கான்டாக்ட். எல்லாமே ஒற்றைப்படை எண்கள். டூஸில் படங்கள் 1, 3, 5, 7 என்று மாறுவதால் எந்த நிலையும் தவறுவதில்லை.

பலரும் சொல்லித்தருவது 12 பிரேம் எட்டு. இது சுறுசுறுப்பான நல்ல நடைதான். ஆனால் இதில் நான்கு நிலைகளும் 1, 4, 7, 10 ஆகிய பிரேம்களில் வருகின்றன. டூஸில் 4க்கும் 10க்கும் இடமில்லை. டவுன் நிலையை 3லோ 5லோ தள்ள வேண்டியிருக்கும். இந்தக் குழப்பம் புதியவர்களுக்கு வேண்டாம். 16 பிரேம் எட்டில் தொடங்குங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விநாடிக்கு 12 படம்தானே என்று FPS அளவை 12 என அமைக்காதீர்கள். 24 என அமைத்துவிட்டு, ஒன்று விட்டு ஒரு பிரேமில் வரையுங்கள். அப்போதுதான் பின்னர் தேவைப்படும் இடத்தில் இடைப்படங்களைச் சேர்க்க முடியும். அடுத்து, 33ஆவது பிரேமில் வர வேண்டியது முதல் படமேதான் என்பதால் அதை மீண்டும் வரையக் கூடாது. வரைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நடை ஒரு கணம் தடுக்கி நிற்கும். கடைசிப் படம் 31ல் இருக்கும். ஆனால், ஓடும் எல்லையை 1 முதல் 32 வரை என அமைத்திட வேண்டும். 31லேயே முடிந்தால் கடைசிப் படம் ஒரு பிரேம் மட்டும் நின்று, நடை வெட்டுப்பட்டது போலத் தெரியும்.

சரி, ஒன்ஸ் எப்போது தேவை? அடுத்த வாரம் அந்த மாணவர் மீண்டும் வந்தார். பையனுக்குப் பின்னால் ஒரு தெருவை வரைந்து, அது பின்னோக்கி நகரும்படி அமைத்திருந்தார். இப்போது பையன் எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதுபோல் வழுக்கினான். படங்களில் எந்த மாற்றமும் இல்லை. என்ன நடந்தது?

பையன் டூஸில் இருக்கிறான். ஆனால் தெருவை நகர்த்துவது கம்ப்யூட்டர். அது ஒவ்வொரு பிரேமிலும் 10 பிக்சல் நகர்த்துகிறது. முதல் பிரேமில் பாதமும் தரையும் சரியாகப் பொருந்தியுள்ளன. இரண்டாவது பிரேமில் தரை 10 பிக்சல் பின்னால் போய்விடுகிறது. பாதம் அதே இடத்தில் நிற்கிறது. மூன்றாவதில் பாதம் 20 பிக்சல் தாவி மீண்டும் தரையோடு சேர்கிறது. இப்படி விநாடிக்கு 12 முறை பாதம் தரையை விட்டு விலகிச் சேர்வதையே நாம் வழுக்கல் என்று பார்க்கிறோம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தெருவின் லேயரில் குதிகாலுக்குக் கீழே ஒரு சிறிய பெருக்கல் குறி போடுங்கள். பின் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஊன்றிய கால் அந்தக் குறியை விட்டு விலகவே கூடாது. விலகினால், எவ்வளவு என்று அளந்துவிடலாம்.

கேமரா உருவத்தோடு கூடவே செல்லும் இத்தகைய காட்சியில்தான் ஒன்ஸ் அவசியமாகிறது. 1988ல் வெளியான 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தில் கார்ட்டூன் உருவங்களை ஒன்ஸில் வரைந்ததும் இந்தக் காரணத்தால்தான். அந்தப் படத்தில் நிஜ நடிகர்களைப் படம் பிடித்த கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும். நிஜக் காட்சி ஒவ்வொரு பிரேமிலும் மாறும்போது, வரைந்த முயல் மட்டும் இரண்டு பிரேம்களுக்கு ஒருமுறை மாறினால் அது அந்த அறையில் நிற்பதாகவே தோன்றாது.

தெரு அசையாமல் இருந்து, உருவம் மட்டும் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து சென்றால் டூஸே போதும். இதிலும் ஒரு தவறு நடக்கிறது. வாக் சைக்கிளை டூஸில் வரைந்துவிட்டு, அதனை முன்னே நகர்த்தும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டால், அது ஒவ்வொரு பிரேமிலும் தள்ளும். மீண்டும் அதே வழுக்கல். படம் மாறும் பிரேமில் மட்டும் 20 பிக்சல் முன்னே நகர்த்துங்கள். பாதம் தரையில் ஒட்டி நிற்கும்.

வேகமும் ஒரு காரணம். ஓட்டத்தில் ஓர் எட்டு ஆறு பிரேம்களில் முடிந்தால், டூஸில் கிடைப்பது மூன்றே படங்கள். நான்கு நிலைகளைக் காட்டவே அவை போதாது. பொதுவாக, ஒரு படத்தில் உள்ள பாதமும் அடுத்த படத்தில் உள்ள பாதமும் ஒன்றன்மேல் ஒன்று சிறிதும் படியாமல் தள்ளித் தள்ளி விழுந்தால், கண் அதனை ஒரே பாதமாகத் தொடர முடியாமல் துடிப்பாக உணரும். Onion Skin வசதியை இயக்கிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அங்கெல்லாம் ஒன்ஸ் தேவை.

அந்த மாணவர் என்ன செய்தார்? நீக்கிய பழைய படங்களை மீண்டும் சேர்க்க வேண்டாம், புதிதாக வரையலாம் என்று முடிவு செய்தோம். ஊன்றிய பாதத்தை முன் படத்திற்கும் பின் படத்திற்கும் மிகச் சரியாக நடுவில், அதாவது 10 பிக்சலில் வைத்தார். வீசி வரும் காலை அப்படி நேர்கோட்டில் நடுவில் வைக்கக் கூடாது. கால் வில்போல் வளைந்து வருவதால், நேர்கோட்டு நடுவில் வைத்தால் கால் குட்டையாகிவிடும். பாதத்தின் பாதையை மெல்லிய கோடாக வரைந்துகொண்டு, அதன்மேல் இடைப்பாதங்களை வைத்தார். தெருவில் கால் ஊன்றி நடந்தான் பையன்.

ஆனால் இந்த 16 இடைப்படங்கள் அந்தத் தெருக் காட்சிக்கு மட்டும்தான். அவருடைய கதையில் பையன் வாசலைத் தாண்டிப் போகும் காட்சியும், இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் காட்சியும் உள்ளன. முதலாவதில் தரை அசைவதில்லை. இரண்டாவதில் தரையே தெரிவதில்லை. இரண்டும் டூஸில்தான் ஓடுகின்றன. மிச்சமான மணி நேரங்களில் அவர் பையனுக்கு ஒரு நாய்க்குட்டியை வரைந்து கொண்டிருக்கிறார். நான்கு கால்கள்! அதுவும் டூஸில்தான்.