மூலைத் தட்டும் நெட்டை அலமாரியும்



லகாட்டில் ஒரு தாமானில் வரிசை வீடு வாங்கியிருக்கும் வாசகி ஒருவர், சமையலறைக்குப் போட்ட வரைபடத்தை அனுப்பி வைத்திருந்தார். எல் வடிவத்தில் கேபினட். ஒரு சுவர் 11 அடி, இன்னொரு சுவர் 7 அடி. "மூலையில் சுழன்று வரும் தட்டு, ஐஸ்பெட்டி பக்கத்தில் இழுத்தால் முழுசாக வெளியே வரும் நெட்டை அலமாரி. இரண்டையும் போட்டால் ஓர் அங்குலம்கூட வீணாகாது என்கிறார் குத்தகையாளர். போடலாமா?" என்று கேட்டிருந்தார்.

போடலாம். ஆனால் அந்த 'ஓர் அங்குலம்கூட' என்ற பேச்சை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஏன் என்று பார்ப்போம். வட்டத் தட்டு ஒன்றைச் சதுரப் பெட்டிக்குள் வைத்தால், அது பெட்டித் தளத்தில் 78 விழுக்காட்டைத்தான் மூடும். நான்கு மூலைகளும் காலியாகவே இருக்கும். நடுவில் தூண், தட்டைச் சுற்றி உரசாமலிருக்க இடைவெளி, கம்பி விளிம்பு என்று இன்னும் கொஞ்சம் போகும். வெறும் பலகைத் தட்டு போட்டால்தான் அதிகச் சாமான் பிடிக்கும்.

அப்படியானால் காசு கொடுத்து எதற்கு இதை வாங்குகிறோம்? கை எட்டுவதற்கு. வெறும் பலகை போட்ட மூலையில் பின்னால் தள்ளிய இட்லிப் பானையை எடுக்க, தரையில் மண்டியிட்டு, முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, தலையை உள்ளே விட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய முட்டிக்கு அது தெரியும். ஆகவே அங்கே வைக்கப்போவது வாரம் இரண்டு முறையாவது எடுக்கும் பொருளா என்று முதலில் கேளுங்கள். குவாலி, குக்கர், இட்லிப் பானை என்றால் சுழலும் தட்டு போட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்கு மட்டும் இறங்கும் அண்டாவும் முறுக்கு டின்களும் என்றால், வெறும் பலகையே போதும். மிச்சப்படும் பணத்தை நேர்ச் சுவரில் இழுப்பறைகளுக்குப் போடுங்கள்.

வாசகியின் வீட்டில் குவாலியும் குக்கரும்தான். சரி, போடட்டும். ஆனால் அந்த மூலைக்கு எவ்வளவு சுவர் வேண்டும்?

11 அடிச் சுவரில் மூலையிலிருந்து அளந்து வாருங்கள். முதல் 60 சென்டிமீட்டர் பக்கத்து வரிசையின் ஆழத்துக்குப் போய்விடும். அடுத்து 5 முதல் 7 சென்டிமீட்டருக்கு ஒரு வெறும் பட்டை. அதன் பிறகு 45 சென்டிமீட்டர் கதவு. ஆக மொத்தம் மூன்றரை அடிக்குச் சற்று மேல்.

நடுவிலுள்ள அந்தப் பட்டையைத்தான் பலர் வரைபடத்தில் விட்டுவிடுகிறார்கள். பட்டை இல்லாவிட்டால் மூலைக் கதவைத் திறக்கும்போது, பக்கத்து வரிசை இழுப்பறையின் கைப்பிடியில் இடிக்கும். கதவு முழுதாகத் திறக்காது. கதவு திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் தட்டும் வெளியே வராது. கதவில் கீறல் விழுந்த பிறகுதான் காரணம் புரியும். எனவே வன்கருவிக் கடையில் தட்டு வாங்கும்போது, கேபினட்டின் அகலத்தைச் சொன்னால் மட்டும் போதாது. கதவைத் திறந்தபின் கிடைக்கும் சுத்தமான வாய் அகலம் எவ்வளவு வேண்டும் என்று பெட்டியிலுள்ள தாளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டு தாங்கும் எடையும் அதே தாளில் இருக்கும். இந்த வகைத் தட்டுகள் பலவும் ஒன்றுக்கு 20 முதல் 25 கிலோ வரைதான் தாங்கும். 10 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஒரே தட்டில் அடுக்கினாலே அந்த அளவைத் தொட்டுவிடுகிறோம். மாவரைக்கும் கிரைண்டருக்கு இது இடமே இல்லை.

இனி நெட்டை அலமாரி. 30 சென்டிமீட்டர் அகலம், ஆள் உயரத்துக்கு மேல், உள்ளே ஐந்தாறு கம்பிக் கூடைகள். 30 என்று சொன்னாலும் இரண்டு பக்கப் பலகையும் 18 மில்லிமீட்டர் வீதம் கழிந்தால் உள்ளே 26 சொச்சம்தான். கூடை அதைவிடவும் ஒடுங்கியது. உங்கள் வீட்டில் ஆகப் பெரிய மசாலா டின்னையும் மைலோ டின்னையும் அளந்து, அந்த அளவை எழுதிக் கடைக்குக் கொண்டு போங்கள்.

இதன் பெரிய வசதி, இழுத்து நிறுத்தினால் இரண்டு பக்கத்திலிருந்தும் சாமான் எடுக்கலாம் என்பது. வாசகியின் வரைபடத்தில் இது ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் சுவர் மறைக்கும். மறுபக்கம் கேபினட்டைவிட முன்னால் துருத்தி நிற்கும் ஐஸ்பெட்டி மறைக்கும். பிறகு எந்தப் பக்கம் கையை விடுவது? ஐஸ்பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அலமாரியை மேடைப் பக்கம் கொண்டு வந்தால், மேடைப் பக்கமாவது தாராளமாகக் கை போகும். முன்னால் நடைபாதையும் மூன்றடிக்குக் குறையக் கூடாது. அலமாரி ஒன்றரை அடிக்கு மேல் வெளியே வரும். நீங்களும் நிற்க வேண்டுமே?

இவற்றில் வரும் கோளாறுகளுக்கு ஈரம் ஒரு காரணம். நம் வீடுகளில் சமையலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் குடித்தால் உப்பி, திருகு பிடிப்பை இழக்கும். நெட்டை அலமாரியின் மொத்த எடையும் அடித்தளத்தில் திருகிய ஒரே தண்டவாளத்தின்மேல்தான் நிற்கிறது. எனவே அந்த ஒரு தளத்துக்காவது 18 மில்லிமீட்டர் பிளைவூட் கேளுங்கள். கரையானுக்குப் பயந்து அலுமினியக் கேபினட் போடுகிறவர்கள், தண்டவாளம் வரும் இடத்தில் உள்ளே கனமான தகடு வைத்துத் திருகச் சொல்லுங்கள். உள்ளீடற்ற மெல்லிய அலுமினியத்தில் வெறும் திருகு நாளடைவில் ஆடிப்போகும். எந்தப் பலகையானாலும் பெட்டியைச் சுவரோடு திருகியே ஆக வேண்டும். இல்லாவிட்டால், நிறைய அடுக்கி முழுசாக இழுக்கும் நாளில் அது முன்பக்கம் சாயும். கனமான சாமான் எப்போதும் கீழ்க்கூடையில்.

இன்னொரு காரணம் சுவர். பழைய வீடுகளில் மூலை சரியான செங்கோணமாக இருப்பது அரிது. ஒரு சுவரில் மூலையிலிருந்து 90 சென்டிமீட்டர், அடுத்த சுவரில் 120, இரண்டிலும் பென்சில் குறி. குறிகளுக்கு நடுவே 150 வந்தால் மூலை நேர். இல்லையென்றால் பட்டையை அதற்கேற்ப அறுக்க வேண்டும். பெட்டி செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நெட்டை அலமாரியைப் பாதிவரை இழுத்துக் கையை விடுங்கள். தானாக வெளியே உருண்டாலோ உள்ளே போனாலோ பெட்டி மட்டமாக இல்லை என்று பொருள். மூடிய பிறகு கதவோரத்து இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். மூலைத் தட்டில் ஒரு 10 கிலோ அரிசி மூட்டையை ஏற்றிச் சுழற்றுங்கள். கதவில் உரசினாலோ, தட்டின் நுனி தொங்கினாலோ, குத்தகையாளரை அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். இதெல்லாம் திருகைக் கொஞ்சம் திருப்பினால் தீரும் வேலைதான். பணம் கைமாறிய பிறகு அதற்காக அவரைத் தேடி அலைவதுதான் சிரமம்.

அன்புடன்,
ஆசிரியர்