அடுப்படிக்கும் ஒரு வேலைச் சீட்டு!

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. இரும்புத் தகட்டில் ஒரு துளை போட வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மில்லி மீட்டர் அகலத்தில் என்று வரைபடத்தில் இருந்தால்தான் எந்திரம் ஓடும். "கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடப்பா" என்று அங்கே யாரும் சொல்வது இல்லை.

அந்தத் தொழிலாளி மாலையில் வீட்டுக்கு வருகிறார். வீட்டில் பழைய சமையல் அறையைப் புதுப்பிக்கும் வேலை. அங்கே என்ன சொல்கிறார்? "நல்லா செஞ்சு குடுங்க, மேஸ்திரி!"

அவ்வளவுதான் ஒப்பந்தம்!

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை வந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வீட்டு வாடகைக்கு ஆள் வரத் தொடங்கியது. கடப்பா கல் மேடையும், மூலையில் ஒரு குழாயுமாக இருந்த பழைய வீடுகளுக்கு இப்போது டைல்ஸ் வேண்டும், அலமாரி வேண்டும், குடிநீர் வடிகட்டும் கருவிக்குத் தனிக் குழாய் வேண்டும்.

வாய்ப் பேச்சு செல்லாதா? செல்லும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான். ஆனால் என்ன பேசினோம் என்பதை யார் சொல்வது? சண்டை அங்கேதான் பிறக்கிறது.

36 ஆ, 76 ஆ?

ஒரு சமையல் அறையை எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளம், 8 அடி அகலம். மேடை 'ட' வடிவத்தில் இரண்டு சுவர்களை ஒட்டிப் போகிறது. பழைய மேடை அப்படியே இருக்கட்டும்; சுவருக்கும் தரைக்கும் மட்டும் புது டைல்ஸ் என்று பேச்சு.

"மேடைக்கு மேலே சுவருக்கு டைல்ஸ் ஒட்டிடறேம்மா" என்கிறார் மேஸ்திரி. வீட்டுக்கார அம்மாளும் தலையை ஆட்டுகிறார்.

மேஸ்திரியின் மனதில் இருப்பது 2 அடி உயரம். சுவரின் நீளம் 10-ம் 8-ம் சேர்ந்து 18 அடி. ஆகவே 36 சதுர அடி.

அம்மாளின் மனதில் இருப்பதோ ஜன்னல் தலைப்பு வரை, அதாவது லிண்டல் வரை. லிண்டல் தரையிலிருந்து 7 அடி. மேடை இரண்டே முக்கால் அடி. மீதி நாலே கால் அடி. 18 அடி நீளத்துக்கு 76½ சதுர அடி. ஜன்னலைக் கழித்தாலும் முதல் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்!

இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். டைல்ஸ், ஒட்டும் பசை, கூலி எல்லாம் இரட்டிப்பாகும்போது முகம் சிவக்கிறது.

சீட்டில் எழுத வேண்டியது இதுதான்: "மேடைக்கு மேல் இரண்டு சுவர்களிலும், லிண்டல் வரை. பழைய டைல்ஸைப் பெயர்த்து, சுவரைப் பூசிச் சமன் செய்து, புதியது ஒட்ட வேண்டும். ஜன்னலைக் கழித்து அளக்க வேண்டும். வெட்டிச் சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு."

இந்தச் சில வரிகளுக்கு ஒரு முழப் பேப்பர் கூட வேண்டியது இல்லை.

தரை உயர்ந்தால் எல்லாம் உயரும்

அடுத்தது தரை. பழைய தரையைக் கொத்தி எடுப்பது கஷ்டம். தூசி, கூலியும் அதிகம். அதனால் அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை 2 அங்குலம் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

மேடை உயராது. 33 அங்குலத்தில் இருந்த மேடை 31 அங்குலமாகிவிடும். நின்று சமைக்கிறவருக்கு முதுகு சொல்லும். மேடைக்கு அடியில் 31 அங்குலம் இருந்த இடம் 29 ஆகிவிடும். முன்பே அளவு கொடுத்துச் செய்து வந்த அலமாரி உள்ளே நுழையாது. வாசல் கதவும் தரையில் உரசும்.

ஆகவே, உயரம் எழுதும் இடத்தில் எல்லாம் "முடிந்த தரையிலிருந்து" என்று எழுத வேண்டும். ஆசாரி அலமாரிக்கு அளவு எடுப்பது டைல்ஸ் வேலை முடிந்த பிறகுதான் என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதமாகலாம். ஆகட்டும்! அலமாரியை அறுத்துக் குறைப்பதைவிட அது மலிவு.

குழாய் முனைகளுக்கும் இதே கதைதான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு இரண்டு வகைக் குழாய் உண்டு. ஒன்று சுவரிலிருந்து வருவது. அதற்கான முனை மேடைக்கு மேலே இருக்க வேண்டும். மற்றொன்று மேடையின் மேல் நிற்கும் வளைந்த கழுத்துக் குழாய். அதற்கான முனை மேடைக்குக் கீழே இருக்க வேண்டும். எந்தக் குழாய் என்று முடிவு செய்யாமல் "ஒரு பாயிண்ட்" என்று மட்டும் எழுதினால், டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை உடைக்க நேரும். எனவே கடையில் குழாயைத் தேர்ந்தெடுத்த பிறகே முனை வைக்க வேண்டும். குடிநீர்க் கருவிக்குத் தண்ணீர் வரும் முனை மட்டும் போதாது. அதன் கழிவு நீர் போகவும் வழி வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

மறைவதற்கு முன் பார்!

சுவருக்குள் போன குழாயை யார் பார்க்க முடியும்? ஒழுகினால் ஆறு மாதம் கழித்து அடுத்த அறைச் சுவரில் ஈரம் தெரியும். அப்போது மேஸ்திரி வேறு ஊரில் இருப்பார்.

அதனால் ஒரு வரி: "குழாய் முனைகளை அடைத்து, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, அளவு காட்டும் ஊசி இறங்கவில்லை என்று வீட்டுக்காரர் பார்த்த பிறகே சுவரை மூட வேண்டும்." மூடும் முன் குழாய் ஓடும் பாதையை, அளவு நாடாவை அருகில் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் அலமாரி மாட்டச் சுவரில் துளை போடும் ஆசாரிக்கு அந்தப் படம் வேண்டியிருக்கும்.

அலமாரிக்குப் பலகை விஷயத்தில் "நல்ல பிளைவுட்" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. பலகையில் முத்திரை இருக்கும். 303 என்பது பொதுவான உபயோகத்துக்கான தர எண். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பலகை. தொட்டிக்கு அடியில் 710 என்று எழுதி, முத்திரை தெரியும்படி பலகையை இறக்கச் சொல்ல வேண்டும். எரிவாயு உருளை வைக்கும் அறைக்கு அடிப்பக்கம் காற்றோட்டத் துளை வேண்டும்; அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும்.

கடைசியில் பணம். பொதுப்பணித் துறையில் முதலில் மதிப்பீடு, பிறகு வேலை, பிறகு அளவுப் புத்தகத்தில் பதிவு, அதன் பின்தான் பட்டுவாடா. வீட்டுக்கும் அந்த வழி பொருந்தும். நாள் கணக்கில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். குழாய்ச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு. டைல்ஸ் முடிந்து, நாணயத்தால் தட்டிப் பார்த்து, 'டொக் டொக்' என்று பொள்ளல் ஓசை வராத பிறகு ஒரு பங்கு. அலமாரிக் கதவுகள் உரசாமல் மூடிய பிறகு மீதி.

மேஸ்திரிக்கும் இதில் லாபம் உண்டு. வேலை நடுவில் "இந்தச் சுவருக்கும் ஒட்டிடுங்களேன்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது, சீட்டில் இல்லாத அதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று தயங்காமல் கேட்கலாம். இடித்த குப்பையை யார் அள்ளுவது, வண்டி வாடகை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைச் சமையல் அறைக் கதவிலேயே ஒட்டிவிட வேண்டும். கொத்தனாரும் குழாய்க்காரரும் ஆசாரியும் வேறு வேறு நாளில் வருகிறவர்கள். மூவரும் ஒரே காகிதத்தைப் பார்க்கட்டும்.