மழை பெய்தும் ஏரி நிறையாதது ஏன்?

'வானம் பொத்துக்கொண்டதுபோல் மழை பெய்கிறது. ஆயினும் குழாய் நீர்க் குறைப்பு நீங்கவில்லையே, இஃது என்ன விந்தை?' மும்பையில் வாழும் நம் இல்லங்களில் இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் 5 முதல் நடப்புக்கு வந்த 10 விழுக்காட்டுக் குறைப்பு, பருவமழை தொடங்கிய பின்னரும் ஜூலை இறுதி வரையில் நீடித்ததை நாம் அறிவோம். மேகத்திலிருந்து இறங்கிய நீர் ஏரிக்கு வருமுன் எங்கே தங்கிவிடுகிறது என்பதை இம்மாதம் கணக்கிட்டுக் காண்போம்.

நகரின் ஏழு ஏரிகளில் சிறியவற்றுள் ஒன்றான விஹார் ஏரியை எடுத்துக்கொள்வோம். 1860ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வேரி சுமார் 2,770 கோடி லிட்டர் கொள்ளும். இதற்கு நீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 19 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டர் ஒன்றில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர். ஆகவே இப்பகுதி முழுவதிலும் 1 மில்லிமீட்டர் என்றால் 1 கோடியே 90 லட்சம் லிட்டர்.

இல்லத்தின் வரவு செலவைப் போன்றதே நீரின் கணக்கும். மழை ஒன்றே வரவு. ஓடைகளின் வழியே ஏரிக்கு ஓடும் நீரும், மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகும் நீரும் செலவு. எஞ்சியது மண்ணிலும் பாறைப் பிளவுகளிலும் நிலத்தடியிலும் தங்கும் இருப்பு. மழையிலிருந்து ஓட்டத்தையும் ஆவியையும் கழித்தால் இருப்பின் ஏற்ற இறக்கம் கிடைக்கும்.

முறை விளங்குவதற்காக, அளந்த புள்ளிகளாக அன்றி எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஏரியின் நீர்ப்பரப்பையும் நிலமாகவே கொள்வோம். ஜூனில் மழை 500 மில்லிமீட்டர், ஆவி 120, ஓட்டம் 130. எனவே 250 மில்லிமீட்டர் இருப்பில் சேர்ந்துவிட்டது. கோடை முழுதும் வறண்டு கிடந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. ஏரிக்கு வந்தது 247 கோடி லிட்டர். ஏரியின் கொள்ளளவில் இது 9 விழுக்காடு மட்டுமே. ஜூலையில் மழை 850, ஆவி 90, ஓட்டம் 650, இருப்பில் சேர்ந்தது 110. மழை ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை. ஏரிக்கு வந்த நீரோ ஐந்து மடங்காகி 1,235 கோடி லிட்டர் ஆயிற்று. மண் நிறைந்துவிட்டமையே காரணம்.

ஜூன் முதல் செப்டம்பர் முடிய மழை 2,300, ஆவி 400, ஓட்டம் 1,530 என்று கொண்டால், இருப்பு 370 உயர்ந்திருக்கும். அக்டோபர் முதல் மே வரையில் மழை 100 மட்டுமே, ஆவி 420, ஊற்றாகக் கசிந்து ஓடுவது 50. செலவு வரவினும் 370 மிகுதி. அத்துண்டு இருப்பிலிருந்து ஈடாகிறது. ஆண்டு முழுமைக்கும் மழை 2,400, ஆவி 820, ஓட்டம் 1,580, இருப்பில் மாற்றமில்லை. ஆண்டுக் கணக்கில் மறைந்துவிடும் இருப்பு, மாதக் கணக்கில் ஏரியையே காயப்போடுகிறது.

இக்கணக்கில் ஓர் இடர் உண்டு. மழைமானியால் மழையையும், ஓடைகளில் அளவுகோல் நட்டு ஓட்டத்தையும் அளக்கலாம். காட்டின் ஆவியை அவ்வளவு எளிதில் அளக்க இயலாது. ஆவித் தட்டில் குறையும் நீரை அளந்து சுமார் 0.7 ஆல் பெருக்கும் வழக்கம், ஏரிப் பரப்புக்கு ஓரளவே பொருந்தும். காட்டுக்கு அதுவும் போதாது. ஆதலால் பலர் மழையிலிருந்து ஓட்டத்தைக் கழித்து, மீதியை ஆவி என்று எழுதிவிடுகின்றனர். அப்போது அளவையின் பிழை யாவும் ஆவியின் தலையில் ஏறுகிறது. மழையளவில் 5 விழுக்காடு தவறினால் 120 மில்லிமீட்டர். 820 ஆகிய ஆவிக்கோ அது 15 விழுக்காட்டுப் பிழை!

பிழையைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? ஆவியைத் தனியே மதிப்பிட்டு, பல ஆண்டுகளின் எச்சத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும். சில ஆண்டு மிகுந்தும் சில ஆண்டு குறைந்தும் சமமாகுமானால் கணக்கு நேரானது. ஆண்டுதோறும் ஒரே பக்கம் சாய்ந்தால் மூன்றில் ஒன்றை ஐயுறவேண்டும்: காற்றால் மழைமானி குறைத்துக் காட்டுகிறது, அல்லது எல்லை தவறாக வரையப்பட்டுள்ளது, அல்லது நிலத்தடியே நீர் வேறு பள்ளத்தாக்குக்கு நழுவுகிறது.

ஆகவே அடுத்த ஜூனில் மழையளவைச் செய்தித்தாளில் காணும்போது, அதன் அருகே ஏரியின் நீர் இருப்பையும் பார்ப்போம். இரண்டும் ஒருங்கே ஏறத் தொடங்கும் நாளே மண்ணின் பங்கு தீர்ந்த நாள்.