அறையைக் காலி செய்த பின்

நம் நாட்டின் பெரும்பாலான விடுதிகளில் அறையைக் காலி செய்யும் நேரம் நண்பகல் 12 மணி. ஊர் திரும்பும் ரயிலோ இரவு 10 மணிக்கு. விடுமுறைச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் நம்மில் பலர், பயணச்சீட்டுக்கும் அறை வாடகைக்கும் உணவுக்கும் தனித்தனியே தொகை ஒதுக்குகிறோம். இடைப்பட்ட இந்தப் பத்து மணி நேரத்திற்கு எதையும் ஒதுக்குவதில்லை. கடைசி நாளில் பெட்டிகளோடு வரவேற்பு மேசை முன் நின்றபடி எடுக்கப்படும் முடிவே பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கிறது.

இந்நேரத்தில் நமக்குத் தேவைப்படுபவை மூன்று: பெட்டிகளுக்கு ஓர் இடம், ஒரு குளியல், அமர்வதற்கு ஓர் இடம். மூன்றையும் சேர்த்து அறை வாடகையாகவே வாங்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

புது டில்லியில் இரண்டு அறைகளில் தங்கியுள்ள ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு நாள் வாடகை 3,000 ரூபாய் என்க. மாலை 6 மணி வரை இருக்க அரை நாள் வாடகை கேட்கப்பட்டால், இரண்டு அறைகளுக்கும் சேர்த்து 3,000 ரூபாய், வரி தனி. நண்பகலில் ஓர் அறையை ஒப்படைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொண்டால் செலவு பாதியாகிறது. பெட்டிகள் அங்கேயே இருக்கும். முதியவர் படுத்து எழலாம். வெளியே சுற்றிவிட்டு வருபவர்கள் முறைவைத்துக் குளிக்கலாம். டில்லியின் மே மாத வெயிலில், காலையில் குளித்த குளியல் இரவுப் பயணத்திற்கு உதவாது. இவ்வேண்டுகோளை முந்தைய நாள் மாலையே வைப்பது நலம். மறுநாள் வருவோருக்கு அறை ஒதுக்கப்பட்டுவிட்டால், பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

குடும்பத்தில் முதியவரோ குழந்தையோ இல்லையெனில் இதுவும் தேவையில்லை. ரயில் நிலைய ஓய்வறைகளை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். சில நிலையங்களில் நாள் முழுவதற்குமன்றிச் சில மணி நேரத்திற்கும் அறை கிடைக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள பயணச்சீட்டுக்கு இவ்வசதி இல்லை. அறைகள் குறைவு என்பதால், பயணச்சீட்டு உறுதியானதும் பதிவு செய்துவிட வேண்டும்.

பெட்டிகளை விடுதியில் வைப்பதா, நிலையத்தின் கிளாக் ரூமில் வைப்பதா? மாலையில் நாம் எவ்வழியே நிலையத்திற்குச் செல்வோம் என்பதே இதைத் தீர்மானிக்க வேண்டும். பஹார்கஞ்சில் தங்கியிருந்தால் நிலையம் எதிரிலேயே உள்ளது, விடுதியே போதும். கரோல் பாக்கில் தங்கியிருப்பவர் பெட்டிக்காக மாலை நெரிசலில் மீண்டும் அங்கே செல்வது வீண். நண்பகலிலேயே நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம். கிளாக் ரூமில் பூட்டில்லாத பெட்டியை ஏற்கமாட்டார்கள். துணிப்பைக்கும் ஒரு சிறு பூட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

விடுதிகள் தரும் டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். வணிகவியல் படித்தவர்களுக்கு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு நினைவுக்கு வரும்: பிறர் பொருளைப் பெற்று வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும். விடுதியில் ஒப்படைக்கப்பட்ட கார் திருட்டுப்போன வழக்கொன்றில், அத்தகைய வாசகத்தைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது. ஆயினும் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை மெய்ப்பிப்பது எளிதன்று. நகை, ரொக்கம், பற்று அட்டை, மருந்து, அடையாளச் சான்று ஆகியவை கைப்பையில் நம்முடனேயே இருக்கட்டும்.

அமர்வதற்கான இடத்தை டில்லியில் தேடி அலைய வேண்டியதில்லை. தேசிய அருங்காட்சியகத்தில் பிற்பகல் முழுவதையும் செலவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை. கன்னாட் பிளேஸ் அருகிலுள்ள பங்ளா சாஹிப் குருத்வாராவில் தலையை மூடி, காலணியை ஒப்படைத்துவிட்டு எவரும் உள்ளே செல்லலாம். குளத்தைச் சுற்றிய நிழலில் அமரலாம், லங்கர் உணவும் உண்டு. அது வழிபாட்டிடம் என்பதால், பெட்டிகளை வேறிடத்தில் வைத்துவிட்டுச் செல்வதே முறை.

விமானத்தில் திரும்புவோர், அட்டையில் லவுஞ்சு சலுகை இருக்கிறதென்று நண்பகலிலேயே விமான நிலையம் சென்றுவிடக் கூடாது. பயண நேரத்திற்கு வெகு முன்னதாகச் சென்றால் வாயிலிலேயே நிறுத்தப்படலாம். லவுஞ்சுகள் பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் உள்ளன. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அனுமதிப்பார்கள். பல அட்டைகளில் முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் சலுகை உண்டு. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியிலோ கிளையிலோ கேட்டறியலாம்.

ரயிலில் செல்வோர் பெட்டியைப் பெற ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளாக் ரூமிற்குச் சென்றுவிட வேண்டும். இரவு ரயில்களுக்கு முன் வரிசை நீளும். ரசீதைத் தொலைத்தவர் பொருள் தமதென மெய்ப்பித்து, ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். வைப்பு நிதி ரசீதைத் தொலைத்த வாடிக்கையாளர்களுக்கு அப்பத்திரம் புதிதன்று. ஆனால் ரயில் புறப்பட இருபது நிமிடம் இருக்கையில் அதை எழுதிக்கொண்டிருக்க இயலாது.