இலைக் கணக்கு



தை பிறந்தால் நம்மில் பல வீடுகளில் கல்யாணம். சமையல் கான்ட்ராக்டரிடம் பேசப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "இலைக்கு எவ்வளவு?" முந்நூறு என்றால் இருநூற்று எண்பதுக்கு இழுக்கிறீர்கள். என் கருத்து, அந்த இருபது ரூபாயை விட்டுவிடுங்கள். சொன்ன எண்ணிக்கையைவிட ஆள் குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

அண்மையில் நம் உறவில் நடந்த ஒரு வரவேற்பு விருந்தைச் சொல்கிறேன். இரண்டு தரப்பும் எனக்கு வேண்டியவர்கள், அதனால் பெயர் வேண்டாம். எளிதாகப் புரிய, தொகைகளை முழு எண்ணாக்கித் தருகிறேன்.

600 இலை, இலைக்கு 300 ரூபாய் என்று பேச்சு. மொத்தம் 1,80,000. சாப்பிட்டவர்கள் 450 பேர். பெண்ணின் அப்பா, "450 இலைக்கு 1,35,000 தருகிறேன்" என்றார். கான்ட்ராக்டர், "நீங்கள் சொன்ன 600க்குத்தான் சமைத்தேன், முழுப் பணமும் வேண்டும்" என்றார். மண்டபத்திலேயே குரல் உயர்ந்தது. இன்றுவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கணக்கு வாத்தியாராக இருந்தவன், இதைப் பிரித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. அந்தக் கான்ட்ராக்டருக்கு மளிகை, காய்கறி, பால், இலை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து இலைக்கு 160 ரூபாய் ஆகிறது. 600 இலைக்கு 96,000. மாஸ்டர் கூலி, உதவியாட்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், வண்டி, கேஸ், பாத்திர வாடகை எல்லாம் 50,000. ஆகச் செலவு 1,46,000. முழுப் பணமும் வந்தால் அவருக்கு நிற்பது 34,000. பெண்ணின் அப்பா சொன்னபடி 1,35,000 வாங்கினால், இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டுக் கையிலிருந்து 11,000 போட வேண்டும்.

அப்படியானால் கான்ட்ராக்டர் கேட்டது சரியா? அதுவும் முழுக்கச் சரியில்லை. 150 பேர் வராததால் அவருக்கு மிச்சமானதும் உண்டு. கடைசி உலைக்கு வைத்திருந்த அரிசி மூட்டையிலேயே இருந்தது. ஐஸ்கிரீம் கப், தண்ணீர் பாட்டில் பிரிக்கப்படவில்லை. கல்லில் ஊற்றாத தோசை மாவு மறுநாள் காலை டிபனுக்குப் போனது. எல்லாம் சேர்த்தால் இலைக்கு 40 ரூபாய் போல வரும். 150க்கு 6,000. நியாயமான தொகை 1,74,000. எண்ணிக்கை சொன்னவர் வீட்டுக்காரர், ஆகவே பொறுப்பு அவருடையது. ஆனால் செலவாகாததற்குப் பணம் வாங்கக் கூடாது.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம், பணம் எப்போது செலவாகிறது என்பது. மளிகை சுமார் மூன்று நாள் முன்னால் வாங்குவார்கள். காய்கறியும் இலையும் முந்தின நாள் சந்தையிலிருந்து வரும். பால் ஆர்டரும் அப்போதுதான். விருந்தன்று மதியம் காய் நறுக்கி, பருப்பு ஊறிவிட்டால் பிறகு திரும்ப வழியில்லை. அதே வீட்டுக்காரர் மூன்று நாளுக்கு முன்பே "150 குறையும்" என்று சொல்லியிருந்தால், பொருளில் 24,000 மிஞ்சியிருக்கும். பரிமாற நாலு ஆளைக் குறைத்தால் இன்னும் 4,000. ஆக 28,000. விருந்து முடிந்தபின் அதே 150 பேருக்குக் கழிக்க முடிந்தது 6,000 மட்டும். இலை என்பது ஒன்றுதான். நாள் நெருங்க நெருங்க அதில் மிச்சம் பிடிக்கக்கூடிய பணம் கரைந்துகொண்டே போகிறது. "இலைக்கு இவ்வளவு" என்ற ஒரே விலை இதை மறைத்துவிடுகிறது.

மூன்று நாள் முன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் 300 பத்திரிகை வைத்தார், வீட்டுக்கு இரண்டு பேர் என்று 600 சொன்னார். அன்று பெரிய முகூர்த்த நாள். ஒரே ஆளுக்கு மூன்று கல்யாணம். மொய் வைத்துவிட்டு, வேறு மண்டபத்தில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனவர்கள் பலர். நாள்காட்டியைப் பார்த்து, வெளியூர் உறவுகளுக்கு ஒரு சுற்று போன் போட்டிருந்தால் பாதியாவது தெரிந்திருக்கும்.

ஆள் கூடினாலும் இதே முறையில் யோசியுங்கள். 600க்கு 650 வந்தால் பெரிதாகச் சிரமமில்லை. சோறு அடுத்த உலையில் வந்துவிடும், ரசமும் சாம்பாரும் ஈடுகொடுக்கும். ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆகவே பத்தில் ஒரு பங்கு வரை கூடுதல் இலைக்கு அதே விலைதான், அதற்குமேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். 750 வந்தால் கதை வேறு. இரவு எட்டு மணிக்குச் சில்லறைக் கடையில் பாலும் காயும் வாங்க வேண்டும். அப்போது விலை கூடுவதும் நியாயம், கடைசிப் பந்திக்கு இனிப்பும் வடையும் இல்லாமல் போவதும் இயற்கை. அதற்காகப் பரிமாறுகிற பையனைத் திட்டாதீர்கள்.

கான்ட்ராக்டர் பக்கமும் ஒரு தந்திரம் உண்டு. 600க்குப் பணம் பேசிவிட்டு, எப்படியும் ஆள் குறையும் என்று 500க்குச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். நானூறு பேர் சாப்பிடும்போதே பொரியல் கரண்டி சிறுத்து, இனிப்பு இல்லை என்று சொன்னால் சந்தேகப்படலாம். ஆகவே 600க்குப் பணம் கொடுத்தால் மீந்த உணவு வீட்டுக்காரருடையது என்று எழுதுங்கள். எடுத்துப் போக ஆளும் பாத்திரமும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். தேங்காய் அரைத்த கூட்டு நள்ளிரவு வரை தாங்காது.

எண்ணுவதும் தகராறுதான். இலைக்கட்டைக் கழித்துப் பார்த்தால் கிழிந்த இலையும், போட்டு ஆள் உட்காராத இலையும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு பந்தியிலும் சோறு விழுந்தபின் இருவர், வீட்டுக்காரர் பக்கம் ஒருவர், கான்ட்ராக்டர் பக்கம் ஒருவர், சேர்ந்து எண்ணி ஒரே நோட்டில் எழுதட்டும். மேளக்காரர், போட்டோக்காரர், டிரைவர்கள் சாப்பாடு கணக்கில் சேருமா என்பதையும் முதலிலேயே பேசுங்கள். இதிலேயே நாற்பது இலை போய்விடும்.

ஆக, அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நாள் முன்னால் சொல்லும் எண்ணே உறுதி எண். அதற்குப்பின் குறைந்தால், குறைந்த இலைக்கு இவ்வளவு ரூபாய்தான் கழிவு. பத்தில் ஒரு பங்கு வரை கூடினால் அதே விலை, அதைத் தாண்டினால் இந்த விலை. மீந்தது வீட்டுக்காரருக்கு.

சமையல் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே இந்தத் தாளை நீட்டுங்கள். அந்தக் கழிவுத் தொகை உங்கள் ஊரில் எவ்வளவு வரும் என்று உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.